பீம் சாருக்குத் தொண்டை கட்டியபோது

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் பீம் சார் வீட்டைக் காட்டிவிடுவார்கள். முன்னறை ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். சாயங்காலம் ஆனால் உள்ளிருந்து அவர் குரல் தெருமுனைவரை வரும். "ரியாக்‌ஷன் கண்டுபிடிக்காம பேனாவை நகர்த்தினா கையை உடைச்சிடுவேன்!" கையை உடைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டுப் படித்தவர்கள் பரீட்சையில் பீம் கணக்கை விட்டதாகவும் சரித்திரம் இல்லை.

சிவில் டிப்ளமா படிப்பவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு பூதம். ஒரு கோடு, கீழே இரண்டு தாங்கிகள், மேலே சில அம்புகள். இதுதான் சுமை ஏற்றிய பீமின், அதாவது உத்தரத்தின், படம். அந்தச் சுமைக்கு எதிராகத் தாங்கிகள் மேலே தள்ளுவதுதான் ரியாக்‌ஷன். இதற்கு ஷியர் ஃபோர்ஸ் வரைபடமும் பெண்டிங் மொமென்ட் வரைபடமும் வரையச் சொல்வார்கள். பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை எந்த இடத்தில் எவ்வளவு, வளைக்கப் பார்க்கும் திருப்பம் எந்த இடத்தில் எவ்வளவு என்று காட்ட வேண்டும். கேள்வி பார்க்கச் சின்னதுதான், மதிப்பெண் பெரிது. வருஷா வருஷம் இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் கவிழ்வார்கள். அப்படிக் கவிழ்ந்தவர்கள்தான் சாரிடம் வந்து சேர்ந்தார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிப்பவர்கள் நிறையப் பேர். பெஞ்சு போதாமல் ஜன்னல் விளிம்பில்கூட உட்காருவார்கள்.

சார் பாலிடெக்னிக்கில் முதல் மாணவர். படிப்பு முடிந்ததும் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சேர்ந்தார். அங்கே சிமென்ட் தூசியும் கத்தலும் ஒத்துவரவில்லை. சாரத்தில் ஏறினால் தலை சுற்றியது. கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒருவன் சந்தேகம் கேட்க வந்தான். அவனுக்கு விளக்கிச் சொன்ன அன்றே தன் இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் மனைவியும் அதே வகுப்பில் படித்தவள்தான். இரண்டாம் பெஞ்சு. கணக்கில் வேகம் கிடையாது, கூட்டல் கழித்தலில் அவ்வப்போது சறுக்குவாள். ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே சார் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்து, கம்பி எங்கே எத்தனை போட வேண்டும் என்று வரைபடம் போடும் வேலையில் நிலைத்துவிட்டாள். வீட்டில் இருவருக்கும் எல்லை தெளிவாக இருந்தது. முன்னறை அவருடையது. அவள் அலுவலகம் அவளுடையது. பல வருஷம் ஒரு மனக்கசப்பும் இல்லை.

பரீட்சை நெருங்கும் சமயத்தில்தான் சாருக்குத் தொண்டை கட்டியது. முதலில் கரகரப்பு. பிறகு காற்று மட்டும் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல சின்னச் சின்ன முடிச்சு. நான் சொல்றவரைக்கும் வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னு பேசினாலும் கெடுதல்தான்," என்றார்.

சார் வாயைத் திறந்தார்.

"பார்த்தீங்களா!" என்றார் டாக்டர்.

வகுப்பை நிறுத்த முடியாது. பிள்ளைகள் பரீட்சைக்கு நிற்கிறார்கள். மனைவிதான் சொன்னாள்: "ஆபீஸ் விட்டு வந்து நான் எடுக்கறேங்க. நீங்க பக்கத்துல உட்காருங்க. தப்பு வந்தா மேஜையைத் தட்டுங்க." சாருக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. தன் நாற்காலியில் தான், தன் கரும்பலகையில் தன் கணக்கு, சாக்பீஸ் மட்டும் வேறு கை. அப்படித்தான் நினைத்தார்.

முதல் நாளே அவள் சாக்பீஸை எடுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நீளமான ரப்பர் பஞ்சுத் துண்டை எடுத்து வந்தாள். அதன் பக்கவாட்டில் பேனாவால் செங்குத்தாகக் கோடுகள் போட்டிருந்தாள். இரண்டு பென்சில் டப்பாக்களின் மேல் அதை வைத்தாள். ஒரு முனை டப்பாவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் ஓவர்ஹேங் பீம். யாராவது வந்து நீட்டிக்கிட்டிருக்கற முனையை அமுக்குங்க."

ஒருவன் அமுக்கினான். டப்பாவுக்கு நேர்மேலே கோடுகள் விசிறி மாதிரி மேல்பக்கம் விரிந்தன. கீழ்ப்பக்கம் நெருங்கின.

"மேல என்ன ஆகுது?"

"கிழியப் பாக்குதுக்கா!"

"இப்ப நடுவுல அமுக்குங்க. இங்க?"

"கீழ கிழியப் பாக்குது!"

"அவ்வளவுதான். பீமுக்கு எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் பெண்டிங் மொமென்ட். எவ்வளவு வலிக்குதுன்னு கணக்குப் போட சார் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கார்."

வகுப்பு சிரித்தது. சாரும் முகத்தைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஏதோ குறைவதை உணர்ந்தார். அந்தப் பஞ்சு அவர் நாற்காலி மெத்தையிலிருந்து வெட்டியது.

அன்று தொடங்கியது எரிச்சல். அவர் 'சார்', அவள் 'அக்கா'. அவரிடம் சந்தேகம் கேட்க நடுங்கியவர்கள் அவளிடம் அசட்டுக் கேள்வியெல்லாம் கேட்டார்கள். அவளும் ஒவ்வொன்றையும் தங்கத்தைப் போல எடுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் வகுப்பில் மணி ஆவதற்கு முன்பே பையை மூடும் சத்தம் கேட்கும். சார் அதையெல்லாம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பேச முடிந்திருந்தால் அதட்டலாகவாவது வெளியே போயிருக்கும். இப்போது எல்லாம் உள்ளேயே தங்கிப் புளித்தது.

மாடியில் குடியிருந்த அவர் தங்கை வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள். "அண்ணா, கீழ ஒரே சிரிப்புச் சத்தமா இருக்கே, டியூஷனை மூடிட்டு வேற ஏதாவது ஆரம்பிச்சிட்டீங்களா? ஓ, அண்ணி வகுப்பா! அதான் பார்த்தேன்." சார் பதிலுக்குக் கையால் ஒரு சைகை காட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று தங்கை இன்றுவரை கேட்கவில்லை.

ஒருநாள் மனைவி கழித்தலில் சறுக்கினாள். ஐம்பதில் முப்பத்தைந்து போக இருபத்தைந்து என்று எழுதிவிட்டாள். சார் மேஜையை அவ்வளவு பலமாகத் தட்டினார், தம்ளர் உருண்டது. அவர் முகத்தில் எத்தனையோ நாளாக இல்லாத பிரகாசம். அவள் திரும்பிப் பார்த்து, "ஐயோ ஆமா, பதினைஞ்சு! சார் கண்ணுக்குத் தப்ப முடியுமா?" என்று சிரித்தபடியே அழித்தாள். வகுப்பும் அவளோடு சேர்ந்து சிரித்தது. தப்புச் செய்தும் அவளுக்குத்தான் கைதட்டலா என்று அவர் வயிறு எரிந்தது.

அந்த வகுப்பில் 'ஹெல்மெட்' என்று ஒருத்தி இருந்தாள். ஒரு கட்டடத் தளத்தில் மேற்பார்வை வேலை. தளத்திலிருந்து நேரே வருவாள். மஞ்சள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் நோட்டை வைத்து எழுதுவாள். அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டது சாரின் மனைவியின் அலுவலகம். டிப்ளமா முடித்தால்தான் பதவி உயர்வு என்பதால் ராப்பகலாக உழைத்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் அவள் வந்தது சாரின் பெயரைக் கேட்டுத்தான். இப்போது உள்ளே வந்ததும், "அக்கா வந்தாச்சா?" என்பதுதான் முதல் பேச்சு.

இன்னொரு நாள் மனைவி பலகையில் எடுத்த கணக்கு இப்படி. இரண்டு தாங்கிகள், நடுவில் நாலு மீட்டர். அந்த நாலு மீட்டரிலும் மீட்டருக்குப் பத்து கிலோநியூட்டன் வீதம் பரவிய சுமை. இரண்டாம் தாங்கியைத் தாண்டி பீம் இரண்டு மீட்டர் நீண்டு நிற்கிறது. அதன் முனையில் பத்து கிலோநியூட்டன் தனிச்சுமை. மனைவி நிதானமாகப் போட்டாள். முதல் தாங்கி பதினைந்து தாங்கும், இரண்டாவது முப்பத்தைந்து. ஷியர் பதினைந்தில் தொடங்கிச் சரிந்து, இரண்டாம் தாங்கிக்குச் சற்று முன்னால் மைனஸ் இருபத்தைந்துக்குப் போகும். தாங்கி முப்பத்தைந்து கொடுத்து மேலே தள்ள, பிளஸ் பத்து. அப்படியே நேராகப் போய் முனைச்சுமையில் பூஜ்யம்.

"ஷியர் எங்க பிளஸ்ல இருந்து மைனஸுக்கு, இல்ல மைனஸ்ல இருந்து பிளஸுக்கு மாறுதோ, அங்கெல்லாம் மொமென்ட்டைப் பார்க்கணும். இங்க ரெண்டு இடம். நடுவுல ஒண்ணு, ஒன்றரை மீட்டர்ல. அங்க பதினொண்ணே கால். அதோட நிறுத்திட்டா மார்க் போச்சு. ரெண்டாம் தாங்கிக்கு மேல இருபது. அதுதான் பெருசு. ஆனா எதிர்ப்பக்க வளைவு."

பிறகு வரைபடத்தை வரைந்தாள். நடுப்பகுதி வளைவைக் கோட்டுக்குக் கீழேயும், தாங்கிமேல் வரும் இருபதைக் கோட்டுக்கு மேலேயும் போட்டாள். முதல் தாங்கியிலிருந்து மூன்று மீட்டரில் வளைவு பக்கம் மாறியது. "எங்க ஆபீஸ்ல எந்தப் பக்கம் கிழியுமோ அந்தப் பக்கமே வரைவோம். கோடு எந்தப் பக்கமோ கம்பி அந்தப் பக்கம். மேல்கம்பி தாங்கியோட நிக்காம உள்ளே அந்த மூணாவது மீட்டரையும் தாண்டிப் போகும். பார்த்தவுடனே புரியும்."

"அட, ஆமாக்கா!" என்றாள் ஹெல்மெட். வகுப்பே தலையாட்டியது. பின்வரிசையில் ஒருவன், "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா போன தடவையே பாஸ் பண்ணியிருப்பேன்," என்றான்.

போன தடவை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சார்.

"தப்பு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். துருப்பிடித்த கேட் திறப்பது போல இருந்தது குரல்.

"என்னங்க, பேசாதீங்க..."

"படம் தப்பு. பரீட்சைக்கு இப்படி வரைஞ்சா முட்டைதான். நடுவுல வர்றது பிளஸ், மேல வரையணும். தாங்கிமேல வர்றது மைனஸ், கீழ வரையணும். பேப்பர் திருத்தறவன் உங்க அக்கா ஆபீஸ்ல வேலை பார்க்கறவன் இல்ல!"

"ரெண்டு வழக்கமும் இருக்குங்க. எதுன்னு பக்கத்துல எழுதிட்டாப் போதுமே."

"இந்த வீட்டுக்கு ஒரு வாத்தியார் போதும்."

அவள் சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபமாகப் போயிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் போனாள். சார் அவள் படத்தை அழித்துவிட்டுத் தன் படத்தைப் போட்டார். வளைவு மேலே, இருபது கீழே. அந்தப் படமும் சரிதான், பாதிப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும்.

எல்லாரும் கலைந்தபோது ஹெல்மெட் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சார், ஒரு சந்தேகம். அப்போ நீட்டிக்கிட்டிருக்கற பக்கம் கோடு கீழ வருது. கோடு எங்கயோ கம்பியும் அங்கதானே? எங்க சைட்ல பால்கனிக்குக் கம்பியை மேல்பக்கமா கட்டியிருக்காங்க. நாளைக்குக் காலையில கான்கிரீட்."

சாருக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. காது அவளிடம் இல்லை, உள்ளறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறதா, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று அங்கே இருந்தது. அவள் கேட்டதில் 'கோடு கீழ' என்பது மட்டும் விழுந்தது. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வெந்நீர்த் தம்ளரோடு முன்னறைக்கு வந்தவர் பலகையைப் பார்த்தார். கீழே இறங்கிய அந்த இருபது. அப்போதுதான் அவள் கேட்டது முழுசாகக் காதில் விழுந்தது. கோடு எங்கயோ கம்பியும் அங்கதானே.

கோடு இருக்கும் பக்கம் கம்பி என்பது மனைவியின் படத்துக்குச் சொன்ன விதி. அவர் படத்தில் அது நேர்மாறு. அவர் படத்தையும் அவள் விதியையும் கலந்தால் பால்கனிக்குக் கம்பி அடிப்பக்கம் போய்விடும். கிழியப் போவது மேல்பக்கம். கான்கிரீட் இழுப்பைத் தாங்காது. அடியில் கொடுத்த முட்டுகளைக் கழற்றும் அன்றே தொங்கும், அல்லது மனிதர்கள் ஏறி நிற்கும்வரை காத்திருந்து விழும்.

மனைவி கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருந்தாள். சார் அவள் தோளைப் பிடித்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். நேத்துப் பேசினது ஒரு மாசத்துக்குப் போதும்," என்றாள் திரும்பாமலே.

அவர் அவள் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்து வந்தார். சாக்பீஸை எடுத்து பீமின் நீண்ட பகுதியில் அடிப்பக்கமாகக் கம்பி ஒன்று வரைந்தார். பக்கத்தில் ஒரு ஹெல்மெட் வரைந்தார். பிறகு, 'கேட்டாள். தலையாட்டிவிட்டேன்' என்று எழுதினார். அவள் ஒரு நிமிஷம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுப் போனைத் தேடி ஓடினாள்.

ஹெல்மெட் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரை மனைவிதான் ஓட்டினாள். பின்னால் அவர். நேரத்துக்குப் போய்விடுவோமா என்று வழியெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது, கேட்க வாய் இல்லை.

தளத்தில் கான்கிரீட் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்? மாடித் தளத்தின் மறுகோடியில் கான்கிரீட் விழத் தொடங்கியிருந்தது. பால்கனிப் பக்கம் கம்பி கட்டுபவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். கம்பி வலையை மேலே தூக்கி நிறுத்தும் குதிரைகளைப் பிடுங்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். வலை அடிப்பலகையோடு படுத்துக் கிடந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே மனைவி படியேறினாள். சார் பின்னாலேயே ஏறினார். தலை சுற்றியது, கைப்பிடி இல்லாத படி. நிற்கவில்லை.

"யாரு இதை இறக்கச் சொன்னது?"

ஹெல்மெட்டின் முகம் வெளிறியது. "சார்தான்... நான் கேட்டேன், தலையாட்டினார்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கம்பி கட்டுபவர். "யாரு கேட்டா?"

அத்தனை பேரும் சாரைப் பார்த்தார்கள். மனைவி அவசரமாகக் குறுக்கே வந்தாள். "சார் சொன்னது பரீட்சைக்கு வரையற படம். அதுவும் சரிதான். நான் சொன்ன விதியை அதுல போட்டுப் பார்த்ததுதான் குழப்பம். நானே தெளிவா..."

அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று சாருக்குப் புரிந்தது. இத்தனை நாள் எரிந்ததில் இதுதான் அதிகமாகச் சுட்டது. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே சொந்தமா? அவர் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். டாக்டர் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, இருந்த கொஞ்சக் காற்றையும் கூட்டிப் பேசினார்.

"அவ சொன்னது சரி. கம்பி மேலதான். நீ கேட்டதை நான் காதுல வாங்கல. எனக்கு அவமேல பொறாமை, அதான்."

கம்பி கட்டுபவர் சாரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, தூக்குங்கப்பா," என்று ஆட்களை அழைத்தார். குதிரைகள் திரும்ப ஏறின. மனைவி குனிந்து வலையின் உயரத்தை டேப்பால் அளந்தாள். சாரும் குனிந்து மறுமுனையைப் பிடித்தார். பால்கனிக்குக் கான்கிரீட் விழுந்து முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். ஹெல்மெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாராவது வலைமேல் மிதித்தால் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சிக்னலில் வண்டி நின்றது. மனைவி முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"பாலிடெக்னிக்ல உங்களைப் பார்த்தா எனக்கு எப்படி எரியும் தெரியுமா? நான் பக்கம் பக்கமா போடறதை நீங்க நாலு வரியில முடிச்சிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்ப்பீங்க. கேள்வி கேட்டதெல்லாம் உங்களை எங்கயாவது மடக்க முடியுமான்னு பார்க்கத்தான்."

சார் அதிர்ந்து போய் அவள் தோளைத் தட்டினார். பிறகு ஏன் என்னைக் கட்டிக்கொண்டாய் என்று அதற்கு அர்த்தம்.

"மடக்க முடியலையே. பக்கத்துலயே இருந்தா ஒருநாள் முடியும்னு நினைச்சேன்." விளக்கு மாறியது. வண்டியைக் கிளப்பினாள். "ஆனா நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினதை நான் மறக்க மாட்டேன். ஞாபகம் வச்சுக்கோங்க."

அவள் மறக்கவில்லை. ஒரு வாரம் அவரோடு பேச்சு இல்லை. அவருக்கோ பேசவே வழியில்லை. வீட்டில் அவ்வளவு அமைதியை மாடித் தங்கை அதற்கு முன் கேட்டதே இல்லை, ஏதோ நோய் என்று நினைத்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சார் வகுப்பில் உட்கார்ந்தார். மனைவி எடுத்தாள். பலகையில் இரண்டு படங்களையும் அருகருகே வரைந்து, எது எந்த வழக்கம் என்று கீழே எழுதவைத்தாள். எழுதாதவன் மேஜையில் சார் தட்டினார்.

பரீட்சையில் ஓவர்ஹேங் பீம்தான் வந்தது. சுமைகள் வேறு, படம் அதே ஜாடை. ஹெல்மெட் அக்காவின் வழக்கப்படி வரைந்து, 'இழுவைப் பக்கம் வரையப்பட்டது' என்று ஓரத்தில் எழுதினாள். முழு மதிப்பெண். பின்வரிசைக்காரன் சாரின் வழக்கப்படி வரைந்தான். அவனும் தேறினான்.

குரல் திரும்பிய பிறகு சார் கணக்குப் போட்டுத் தரும் வகுப்புகளை எடுத்தார். புதுசாகச் சேருபவர்களுக்கு முதல் வகுப்புகளை மனைவிக்கு விட்டார். அதைத் தானாக முன்வந்துதான் விட்டார். ஆனாலும் அந்த நாட்களில் முன்னறையிலிருந்து சிரிப்பு வரும்போது அவர் உள்ளே பேப்பரை விரித்து வைத்திருப்பார், படிப்பதில்லை. ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் எங்கேயாவது கழித்தலில் சறுக்குகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சறுக்கினால் எழுந்து போய்ச் சொல்லுவார், மெதுவாகத்தான். அதற்குள் அவளே திருத்தியிருந்தால் முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்து உட்காருவார்.